540

மார்ச் 4

முடிவு வந்துவிட்டது. கணக்குப்பதிவியலில் 36. தேர்ச்சிக்கு 40 வேண்டும். கேட்பவர்கள் எல்லாரும் "நாலு மார்க்தானே" என்கிறார்கள். ஒன்றில் போயிருந்தாலும் ஃபெயில் ஃபெயில்தான். ஜூனில் மறுபடி எழுதப் பணம் கட்டியாயிற்று.

மார்ச் 11

விடைத்தாள் நகல் கைக்கு வந்தது. பிரிக்கவே இரண்டு நாள் ஆனது.

இறுதிக் கணக்கு 20 மதிப்பெண் கேள்வி. மூன்று மணி நேரத்தில் 100 மதிப்பெண் என்றால் அதற்கு 36 நிமிடம்தான். நான் 75 நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன். இருப்புநிலைக் குறிப்பில் சமமாக வர வேண்டிய இரு பக்கமும் 540 இடித்தது. திரும்பத் திரும்பக் கூட்டினேன், அப்புறம் முழுப் பக்கத்தையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அப்போதும் அதே 540. கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே இல்லை.

இன்று வீட்டில் பார்த்தால், கேள்வியில் கொடுத்த இருப்பாய்வில் இருந்த 2,710ஐ 2,170 என்று எடுத்து எழுதியிருக்கிறேன். அவ்வளவுதான். டேலி ஆகாத அந்தக் கணக்குக்கே 14 போட்டிருக்கிறார்கள். என்னைக் கவிழ்த்தது பிழை அல்ல, அதைத் தேடிப் போனது.

மார்ச் 13

சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னது: பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபடும். 540ஐ வகுத்தேன், 60. தேர்வறையில் இது தெரிந்திருந்தால் கூட்டலை விட்டுவிட்டு எடுத்தெழுதிய எண்களைத்தான் பார்த்திருப்பேன். 9ஆல் வகுபடாவிட்டால் வித்தியாசத்தைப் பாதியாக்க வேண்டுமாம். அந்தத் தொகை பக்கம் மாறி உட்கார்ந்திருக்கலாம். இரண்டுமே ஒரே ஒரு பிழை இருந்தால்தான் உதவும் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

மார்ச் 20

தேய்மானக் கணக்கு. இது உண்மையிலேயே தெரியாமல் போட்ட தப்பு. 1,00,000 மதிப்புள்ள இயந்திரம், ஆண்டின் நடுவில் வாங்கியது, குறைந்து செல் மதிப்பு முறையில் ஆண்டுக்கு 10%. முதல் வருடம் ஆறே மாதம், அதனால் 5,000. மீதி 95,000இல் 10%, அடுத்த வருடம் 9,500. கடைசியில் நிற்பது 85,500. நான் முதல் வருடமே முழுசாக 10,000 கழித்து 81,000இல் முடித்திருக்கிறேன்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இதே மாதிரிக் கணக்குக்குப் பக்கத்தில், புத்தகத்தில், பென்சிலால் "ஈஸி" என்று எழுதி வைத்திருக்கிறேன். விடையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினால் எல்லாம் ஈஸிதான். இன்றிலிருந்து விடையின் மேல் ஒரு தாளை வைத்து மூடிவிட்டுத்தான் போடுவது.

மே 2

மூடி வைத்துப் போட்டால் ஒரு நாளைக்கு நாலு கணக்குக்கு மேல் ஓடவில்லை. முன்பு பதினைந்து "படிப்பேன்".

ஜூன் 9

எழுதிவிட்டேன். இறுதிக் கணக்கு இந்த முறையும் இடித்தது, 350. 9ஆல் வகுபடவில்லை. பாதி 175, அப்படி ஒரு தொகையே கேள்வியில் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், 36 நிமிடம் முடிந்திருந்தது. கை நடுங்கத்தான் செய்தது, ஆனாலும் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். எல்லாக் கேள்வியையும் முடித்துத் திரும்பி வந்தபோது எட்டு நிமிடம் பாக்கி. கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜூலை 21

58. அந்த 350 எங்கே போனது என்று இன்னும் தெரியவில்லை.