சந்தாப் பட்டியலைக் கூட்டும் முறை

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் தங்கை, தன் ஐபோனின் சந்தாப் பட்டியலைத் திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பி, "அக்கா, இதில் எதை முதலில் நிறுத்துவது?" என்று கேட்டிருந்தாள். திரையில் தெரிந்த விலைகளை அப்படியே கூட்டினால் விடை தவறும். ஏனெனில் ஒன்று வாரக் கட்டணம், ஒன்று ஆண்டுக் கட்டணம், மற்றவை மாதக் கட்டணம்.

படத்தொகுப்புச் செயலிக்கு வாரம் 12.90 ரிங்கிட். பார்வைக்குச் சிறிய தொகைதான். ஆனால் அதை 52 ஆல் பெருக்கி 12 ஆல் வகுத்தால் மாதம் 55.90 ஆகிறது. உடற்பயிற்சிச் செயலியின் ஆண்டுக் கட்டணமான 180 ரிங்கிட்டோ மாதத்திற்கு 15 தான். பாட்டுக்கு 17.90, மேகச் சேமிப்புக்கு 4.90 சேர்த்தால் மொத்தம் 93.70. "Expires" என்று காட்டிய ஒன்று ஏற்கெனவே நிறுத்தப்பட்டது என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

வரிசையில் முதலிடத்தை, இன்னும் ஒரு சென்கூட வாங்காத மொழிப்பயிற்சிச் செயலிக்கே கொடுத்தேன். இலவசக் காலம் வெள்ளிக்கிழமை முடிந்ததும் 240 ரிங்கிட்டை ஒரே தடவையில் எடுத்துவிடும். ஆகவே குறைந்தது ஒரு நாள் முன்னதாக நிறுத்த வேண்டும். அடுத்தது அந்த வாரக் கட்டணம். சென்ற மாதம்தான் புதுப்பிக்கப்பட்ட உடற்பயிற்சிச் செயலியை இப்போது நிறுத்தினாலும் கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பாது. அடுத்த புதுப்பிப்புதான் நிற்கும், அவசரமில்லை. குடும்பப் படங்கள் முழுவதும் இருப்பதால் மேகச் சேமிப்பைத் தொட வேண்டாம் என்றேன்.

செயலியை அழிப்பதால் சந்தா நிற்காது. இணையத்தளத்தில் நேரடியாக அட்டை கொடுத்துக் கட்டுபவை இந்தப் பட்டியலில் வரவே வராது. அவற்றுக்கு வங்கிக் கணக்கறிக்கையைத்தான் பார்க்க வேண்டும்.