102 மணி நேர நிலுவை: மனிதவளப் பிரிவுக்கு எழுதும் மின்னஞ்சலை நான் கற்ற விதம்

சிங்கப்பூரில் வெல்டிங் உதவியாளராக வேலை செய்துகொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் பணியிடக் கடிதத் தொடர்பு வகுப்பு ஒன்றில் படித்தேன். வகுப்பின் இறுதியில் ஒரு மணி நேர எழுத்துத் தேர்வு உண்டு. கோபத்தில் எழுதப்பட்ட ஒரு கடிதத்தைக் கொடுத்து, உறுதி குறையாமலும் மரியாதை கெடாமலும் அதைத் திருத்தி எழுதச் சொல்வார்கள். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு எங்கள் ஆசிரியை, ஒவ்வொருவரும் தம் சொந்தப் பிரச்சினை ஒன்றையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார். அப்போது எனக்கு மூன்று மாத ஓவர்டைம் பணம் முழுதாக வராமல் இருந்ததால், அதையே எடுத்துக்கொண்டேன். அனுப்ப வேண்டியது ஆங்கில மின்னஞ்சல்தான் என்றாலும், பொருளையும் தொனியையும் முதலில் தமிழில் சரிசெய்துகொண்டு பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றும்படி அவர் சொல்லியிருந்தார். நான் சென்ற வழி இந்தத் தேர்வை எழுதுவோருக்கும், இப்படி ஒரு மின்னஞ்சலை உண்மையாகவே அனுப்ப வேண்டியவர்களுக்கும் உதவும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

என் முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "மூன்று மாதமாக எங்களை ஏமாற்றுகிறீர்கள். இரவு பகலாக உழைத்தவனுக்கு ஓவர்டைம் காசு தர மனம் வரவில்லையா? உடனே தராவிட்டால் அமைச்சில் புகார் கொடுப்பேன்." அதன்பின் விடுதிச் சாப்பாடு, மேற்பார்வையாளரின் பேச்சு, ஊரில் இருக்கும் கடன் எல்லாம் வரிசையாக வந்தன. ஆசிரியை அதைப் படித்துவிட்டு, "இதில் எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் என்று எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். ஒரு பக்கம் முழுக்கத் தேடியும் ஓர் எண்கூட இல்லை. அப்படிப்பட்ட கடிதத்தை வாங்கும் அலுவலர், நியாயமானவராகவே இருந்தாலும், சரிபார்க்க எதுவும் இல்லாமல் தவிப்பார். நியாயமற்றவராக இருந்தால் பதில் எழுதாமல் விட அதுவே காரணமாகிவிடும்.

ஆகவே எழுதுவதை நிறுத்திவிட்டுக் கணக்கிடத் தொடங்கினேன். என் ஒப்பந்த வேலை நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை நாளொன்றுக்கு 8 மணி நேரம், சனிக்கிழமை 4 மணி நேரம், ஆக வாரத்துக்கு 44 மணி நேரம். அதற்கு மேல் செய்யும் வேலைக்கு, சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தின்படி, அடிப்படை மணிநேர ஊதியத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தர வேண்டும். உடலுழைப்புத் தொழிலாளியின் அடிப்படை மாதச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மேற்படாதவரை இந்த விதி பொருந்தும் என்பதால், ஒர்க் பெர்மிட்டில் வேலை செய்யும் என்னைப் போன்றவர்களுக்கும் இது உரியதே.

இங்கேதான் நான் முதல் தவறு செய்தேன். என் அடிப்படை மாதச் சம்பளம் 858 வெள்ளி. நம்மில் பலரும் செய்வதுபோல அதை 26 நாளால் வகுத்து, பிறகு 8 மணி நேரத்தால் வகுத்து, ஒன்றரையால் பெருக்கினேன். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 6.19 வெள்ளி வந்தது. மாதச் சம்பளக்காரருக்கான சரியான வழி அதுவன்று. மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, அதை 52 வாரம் பெருக்கல் 44 மணி நேரம், அதாவது 2,288ஆல் வகுக்க வேண்டும். அப்படிச் செய்தால் மணிக்கு 4.50 வெள்ளியும், ஒன்றரை மடங்காக 6.75 வெள்ளியும் வருகின்றன. நாள் கூலிக்காரருக்கு மட்டுமே ஒரு நாள் கூலியை அன்றைய வேலை நேரத்தால் வகுக்கும் முறை பொருந்தும். எனவே கணக்கில் இறங்குமுன், நம் வேலை நியமன விதிமுறைத் தாளில் சம்பளம் மாதக் கணக்கா, நாள் கணக்கா என்று பார்த்துவிட வேண்டும். படிகள் இதில் சேராது. அடிப்படைச் சம்பளம் மட்டுமே கணக்குக்கு உரியது. என் தவறான கணக்கை அப்படியே அனுப்பியிருந்தால், எனக்கு உரியதில் 57 வெள்ளிக்கு மேல் நானே குறைத்துக் கேட்டிருப்பேன்.

இரண்டாவது தவறு எதிர்த்திசையில் நடந்தது. நான் தினமும் ஒரு சிறு நோட்டில் வேலை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்து வந்தேன். மாலை 5 மணிக்கு மேல் 8 மணிவரை வேலை இருந்தால் 3 மணி நேரம் என்று எழுதியிருந்தேன். ஆனால் நடுவே இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் நிறுத்தினோம். உணவு இடைவேளை வேலை நேரத்தில் சேராது. ஜூன் மாதத்தில் 22 நாள்களுக்கு அரை மணி நேரம் வீதம் கழித்தபோது, 73 என்று இருந்த என் கூட்டுத்தொகை 62 ஆனது. மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் வாங்கக் கூடாது என்ற வரம்பையும் நிறுவனம் மீறிவிட்டது என்று குற்றம்சாட்ட நான் எண்ணியிருந்தேன். அதை எழுதியிருந்தால், மனிதவளப் பிரிவு அந்த ஒரு பிழையைக் காட்டியே என் கணக்கு முழுவதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கியிருக்கும். லாரிக்காகக் காத்திருந்த நேரத்தையும் நீக்கிவிட்டேன். அதற்கு நேர அட்டையில் எந்தப் பதிவும் இல்லை.

பிறகு சம்பளச் சீட்டுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் முதல், ஓவர்டைம் மணி நேரத்தையும் அதற்கான தொகையையும் தனித்தனியே காட்டும் சம்பளச் சீட்டு கட்டாயம். என் சீட்டுகளில் மே, ஜூன், ஜூலை மூன்றிலும் ஒரே எண், 24 மணி நேரம், அச்சாகியிருந்தது. வேலை அளவு மாதந்தோறும் மாறும்போது ஓவர்டைம் மணி நேரம் மட்டும் மாறாமல் இருப்பது, உண்மைப் பதிவைப் பார்க்காமல் ஒரு நிலையான எண்ணை இட்டிருக்கிறார்கள் என்பதற்கு நல்ல அடையாளம். ஆனால் அதை ஏமாற்று என்று நான் எழுத வேண்டியதில்லை. மூன்று சீட்டுகளையும் நேர அட்டைகளையும் இணைத்துவிட்டால் படிப்பவருக்கே அது தெரிந்துவிடும்.

என் இரண்டாவது வரைவில் எண்கள் வந்துவிட்டன. ஆனால் தொனி மறு எல்லைக்குப் போய்விட்டது. "கருணை கூர்ந்து", "தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்", "தங்களையே நம்பியிருக்கும் ஏழைத் தொழிலாளி" என்றெல்லாம் எழுதியிருந்தேன். ஆசிரியை "மன்னிக்கவும்" என்ற சொல்லை இரண்டு இடங்களில் அடித்துவிட்டு, உழைத்த கூலியைக் கேட்பதற்கு எதற்கு மன்னிப்பு என்று கேட்டார். "கருணை" என்ற சொல் உரிமையைத் தானமாக்கிவிடுகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். நம் மொழியில் மரியாதைக்கு "கேட்டுக்கொள்கிறேன்" என்ற ஒரு வினை போதும். குற்றச்சாட்டைத் தவிர்க்கவும் நம் மொழியில் எளிய வழி உண்டு: "நீங்கள் தரவில்லை" என்பதற்குப் பதிலாக "சம்பளச் சீட்டில் சேர்க்கப்படவில்லை" என்று எழுதினால், உண்மை சிறிதும் குறைவதில்லை, யாரையும் கைநீட்டிச் சுட்டியதாகவும் ஆவதில்லை.

மூன்றாவது வரைவே இறுதியானது. அதன் தமிழ் வடிவம் இது:

பொருள்: மே முதல் ஜூலை வரையிலான மிகை நேர ஊதியம் – 102 மணி நேர நிலுவை

மதிப்பிற்குரிய மனிதவள மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வெல்டிங் பிரிவில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். மே, ஜூன், ஜூலை மாதங்களில் நான் செய்த மிகை நேர வேலையில் ஒரு பகுதி சம்பளச் சீட்டில் சேர்க்கப்படவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

நேர அட்டைகளின்படி நான் மே மாதம் 54, ஜூன் மாதம் 62, ஜூலை மாதம் 58 மணி நேரம் மிகை நேர வேலை செய்துள்ளேன். உணவு இடைவேளைகள் இதில் சேர்க்கப்படவில்லை. ஒவ்வொரு மாதமும் 24 மணி நேரத்துக்கு மட்டுமே ஊதியம் வழங்கப்பட்டுள்ளது. முறையே 30, 38, 34 மணி நேரம், மொத்தம் 102 மணி நேரம் நிலுவையில் உள்ளது. என் அடிப்படை மாதச் சம்பளமான 858 வெள்ளியின்படி மிகை நேர ஊதியம் மணிக்கு 6.75 வெள்ளி, எனவே நிலுவைத் தொகை 688.50 வெள்ளி.

மிகை நேர ஊதியம் சம்பளக் காலம் முடிந்த 14 நாள்களுக்குள் வழங்கப்பட வேண்டும் என்பதால், மூன்று மாதங்களுக்கும் உரிய நாள் கடந்துவிட்டது. இணைத்துள்ள பதிவுகளைச் சரிபார்த்து, செப்டம்பர் 3ஆம் தேதிக்குள் இத்தொகையை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் கணக்கில் வேறுபாடு இருந்தால், எந்த நாளில் எத்தனை மணி நேரம் என்பதை அதே தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். நேரில் வந்து விளக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இணைப்பு: சம்பளச் சீட்டுகள் 3, நேர அட்டை நகல்கள் 3, நாள்வாரிக் கணக்கு 1.

இதன் கீழே என் முழுப் பெயர், ஒர்க் பெர்மிட் எண், கைப்பேசி எண். அனுப்பிய நாள் ஆகஸ்ட் 20. பதிலுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு வாரம்.

இந்த மின்னஞ்சலின் உறுதி பெரும்பாலும் "வேறுபாடு இருந்தால்" என்று தொடங்கும் வாக்கியத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அது பணிவாகத் தோன்றினாலும், "பார்க்கிறோம்" என்று சொல்லிக் கடத்த இடம் தருவதில்லை. ஒன்று பணம் வர வேண்டும், அல்லது நாளும் மணியும் குறிப்பிட்ட மறுப்பு வர வேண்டும். தேர்வில் பலர் மதிப்பெண் இழப்பதும் இங்கேதான். "விரைவில் நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்துவிடுகிறார்கள், விரைவில் என்பதற்குத் தேதி இல்லை.

முதல் கடிதத்திலேயே புகாரைக் குறிப்பிடலாமா என்பதில் வகுப்பில் கருத்து வேறுபாடு இருந்தது. நான் வேண்டாம் என்ற பக்கம் நின்றேன். கணக்குப் பிரிவின் கவனக்குறைவாகவும் இருக்கலாம் என்ற வாய்ப்பை முதல் கடிதம் திறந்துவைக்க வேண்டும். கொடுத்த தேதி கடந்தால், இரண்டாம் கடிதத்தில், "டி.ஏ.டி.எம். என்னும் முத்தரப்பு அமைப்பின் வழியாகச் சமரசம் கோர இருக்கிறேன்" என்று ஒரே வாக்கியத்தில், ஆச்சரியக்குறி இல்லாமல் எழுதலாம். ஆனால் இந்தப் பொறுமைக்கும் எல்லை உண்டு: வேலையில் இருக்கும்போது பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள்ளும், வேலையை விட்டுவிட்டால் கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதத்துக்குள்ளும் கோரிக்கையைப் பதிய வேண்டும். கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் அந்தக் காலம் நிற்காது.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. ஜூலையில் இரண்டு நாள்களின் நேர அட்டையில் மேற்பார்வையாளரின் கையொப்பம் இல்லை என்றும், அந்த 4 மணி நேரத்தை ஏற்க இயலாது என்றும், மீதி 98 மணி நேரத்துக்கு 661.50 வெள்ளி அடுத்த சம்பளத்துடன் வரும் என்றும் எழுதியிருந்தார்கள். அவ்வாறே வந்தது, சம்பளச் சீட்டில் தனி வரியாக இருந்தது. அந்த 4 மணி நேரத்துக்கு, என்னுடன் வேலை செய்த இருவரின் அட்டையில் அதே நாள்களில் கையொப்பம் இருப்பதைக் காட்டி இன்னொரு சிறு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். இப்போதெல்லாம் வேலை முடிந்ததும், லாரியில் ஏறுமுன்பே அட்டையில் கையொப்பம் வாங்கி, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறேன்.