தெரிந்தும் சொல்லாமல் போகும் அரை நிமிடம்

1982 ஜனவரி 13. வாஷிங்டனில் கடும் பனிப்பொழிவு. ஏர் ஃப்ளோரிடா 90 என்ற போயிங் 737 விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கத் தொடங்கியதும், துணை விமானி எஞ்சின் மானிகளைப் பார்த்துவிட்டு, "இது சரியாத் தெரியலையே, இல்ல? இது சரியில்ல" என்கிறார். "சரிதான், எண்பது வந்துடுச்சு" என்று வேகத்தைக் காட்டிப் பதில் சொல்கிறார் கேப்டன். "இல்ல, சரின்னு எனக்குத் தோணல" என்று துணை விமானி மறுபடியும் சொல்கிறார். அந்த மூச்சு முடிவதற்குள்ளேயே, "ம்... சரியாகவும் இருக்கலாம்." கேப்டன் "நூற்றிருபது" என்கிறார். "தெரியல" என்று முடிக்கிறார் துணை விமானி. விமானம் எழும்பியது, உயரம் பிடிக்க முடியாமல் போட்டோமேக் ஆற்றுப் பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்தது. விமானத்தில் இருந்த 79 பேரில் 74 பேரும் பாலத்தில் வண்டியில் போய்க்கொண்டிருந்த 4 பேரும் இறந்தார்கள்.

காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கும் உரையாடல் இது. துணை விமானி பார்த்தது சரி. எஞ்சின்களுக்கான பனி நீக்கும் அமைப்பை இயக்காமல் விட்டதால், எஞ்சின் முகப்பில் அழுத்தத்தை அளக்கும் குழாய்கள் பனியால் அடைபட்டிருந்தன. அதனால் உந்துவிசையைக் காட்டும் இபிஆர் மானி 2.04 என்று காட்டியது. உண்மையான அளவு சுமார் 1.70 மட்டுமே. பக்கத்தில் இருந்த மற்ற எஞ்சின் மானிகள், வழக்கமான புறப்பாட்டில் காட்டவேண்டியதைவிடக் குறைவாகவே காட்டின. முதல் முறை அவர் வாய் திறந்தபோது விமானம் பத்திரமாக நிற்கக்கூடிய வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த முடியாத வேகத்தை எட்ட இன்னும் அரை நிமிடம் இருந்தது.

பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளில் இந்த விபத்தைப் பேசும்போது, "தெரிந்திருந்தும் ஏன் நிறுத்தச் சொல்லவில்லை?" என்ற கேள்வி உடனே எழும். தைரியம் இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பதிலால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. அது அடுத்து என்ன செய்யவேண்டும் என்று காட்டுவதில்லை.

அறநெறி உளவியலில் ஜேம்ஸ் ரெஸ்ட் 1980களில் முன்வைத்த பகுப்பு இங்கே கைகொடுக்கும். சரியான செயல் ஒன்று நடக்க நான்கு வேலைகள் நடந்தாகவேண்டும் என்றார் அவர். இங்கே ஒரு பிரச்சினை இருக்கிறது என்று கண்ணில் படவேண்டும். எது சரி என்று தீர்மானிக்கவேண்டும். அந்தச் சரியானதை, அதே நேரத்தில் மனம் விரும்பும் மற்றவற்றுக்கு மேலே வைக்கவேண்டும். கடைசியாக, தடைகளைத் தாண்டி அதைச் செய்து முடிக்கவேண்டும். நம் அலுவலகங்களில் நடக்கும் நன்னடத்தைப் பயிற்சிகளும் அவற்றின் தேர்வுகளும் பெரும்பாலும் இரண்டாவதை மட்டுமே அளக்கின்றன. "மேலதிகாரி தவறு செய்வதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் சரியான விடையில் டிக் அடிப்பார்கள். அந்த மதிப்பெண்ணை வைத்து மூன்றாவதையும் நான்காவதையும் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

துணை விமானிக்கு முதல் இரண்டும் நடந்துவிட்டன. இடைவெளி விழுந்தது மூன்றாவதில். பேசுவதற்கான விலை உடனே, நிச்சயமாக, அவர் ஒருவர் தலையில் விழும்: கேப்டன் முன்னால் தப்பாகப் போகலாம், புறப்பாடு தடைபடும், எல்லோரும் காத்திருக்கவேண்டும். பேசாமல் இருப்பதற்கான விலை பிறகு வரலாம், வராமலும் போகலாம். அது எல்லோருக்கும் பொதுவானதும்கூட. மனம் இதைக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்காருவதில்லை. கணக்கு தானாகவே நடந்துவிடுகிறது. போதாததற்கு, ஓடத் தொடங்கிய விமானத்தை நிறுத்தும் முடிவு கேப்டனுடையது. முடிவு இன்னொருவர் கையில் இருக்கும்போது, நம் வேலை தகவல் சொல்வதோடு முடிந்துவிட்டதாகத் தோன்றும்.

என் பார்வையில் அந்த உரையாடலில் மிக முக்கியமான வரி "சரியாகவும் இருக்கலாம்" என்பதுதான். அதற்குள் மானியில் எதுவும் மாறிவிடவில்லை, புதுத் தகவலும் வரவில்லை. ஆனாலும் தீர்மானம் தளர்ந்துவிட்டது. தீர்மானம் ஒரு பக்கம் உறுதியாக நிற்க, செயல் மட்டும் வராமல் போவதாக நாம் நினைக்கிறோம். பல நேரங்களில் நடப்பது வேறு. செயலுக்கு வழி கிடைக்காதபோது, மனம் தீர்மானத்தையே கீழே இறக்கி, மௌனத்தோடு ஒத்துப்போக வைத்துவிடுகிறது. அதனால்தான் எந்தப் பணியிடத்திலும், தவறு வெளிவந்த பிறகு விசாரித்தால், "எனக்கு உறுதியாகத் தெரியவில்லை" என்றே பதில் வரும். அது பொய் இல்லை. கேட்கும் நேரத்தில் அவருக்கு உண்மையிலேயே உறுதி இல்லை. எனவே தெரிந்ததற்கும் செய்வதற்கும் இடையே எவ்வளவு குறைவான நேரம் போகிறதோ, அவ்வளவு நல்லது.

நேரத்தைக் குறைக்க ஒரு வழி, வாக்கியத்தை முன்கூட்டியே வைத்திருப்பது. பதற்றத்தில் புது வாக்கியம் அமையாது. வாயில் வருவது பழகிப்போன பணிவு வாக்கியம்தான்: "சார், தப்பா எடுத்துக்காதீங்க, ஒருவேளை எனக்குத்தான் சரியாத் தெரியலையோ என்னவோ..." கேட்பவர் காதில் இதில் ஒரு செய்தியும் விழாது. துணை விமானியின் முதல் வாக்கியத்திலும் இதே குறைதான். அது கேள்வியாக வந்தது, எது சரியில்லை என்று அதில் இல்லை, என்ன செய்யவேண்டும் என்றும் இல்லை. "சரிதான்" என்று ஒரே சொல்லில் அதை மூடிவிட முடிந்தது.

வேலைக்கு உதவும் வாக்கியத்தில் நான்கு துண்டுகள் இருக்கும்: யாரிடம் பேசுகிறோம், கண்ணால் பார்த்தது என்ன, அதனால் என்ன ஆகும், இப்போது என்ன செய்யவேண்டும். அதே காக்பிட்டில் அது இப்படி இருந்திருக்கும்: "கேப்டன், இபிஆர் ரெண்டுல இருக்கு, மத்த மானி எல்லாம் குறைவு. பவர் போதாது. நிறுத்துங்க." சொல்லி முடிக்க ஐந்து விநாடி போதும். மரியாதை குறையவில்லை, ஆனால் "சரிதான்" என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. பார்த்ததைச் சொல்லும் துண்டில் அளவு ஒன்று இருந்தால், கேட்பவர் கண் தானாக அந்த மானிக்குப் போகும். கடைசித் துண்டுதான் பெரும்பாலும் விடுபடும். அதைச் சொல்லத்தான் நாக்கு தயங்குகிறது.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. "இப்படி ஆனால், இப்படிச் செய்வேன்" என்று குறிப்பிட்ட அறிகுறியையும் குறிப்பிட்ட செயலையும் முன்பே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள், பொதுவான உறுதி எடுப்பவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பது பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளில் தெரியவந்தது. "தவறைக் கண்டால் பேசுவேன்" என்பது பொதுவான உறுதி. "ஒரே எஞ்சினின் மானிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் 'நிறுத்துங்க' என்பேன்" என்பது முடிச்சு. ஒவ்வொரு வேலையிலும் அப்படிப்பட்ட அறிகுறிகள் இரண்டு மூன்றுதான் தேறும். அவற்றை எழுதி, உண்மையான பெயரும் பதவியும் போட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகவேண்டும். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது வேலைக்கு ஆகாது. குரல் எங்கே தடுக்கிறது என்பது வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும்.

ஆனால் எப்போதும் தைரியத்தையே நம்பியிருக்கக் கூடாது. வேலையின் வரிசையை மாற்றினாலே பல இடங்களில் தைரியத்துக்கு வேலை இல்லாமல் போகும். மருத்துவமனைகளில் ஆபத்தான மருந்துகளுக்கு இரண்டு செவிலியர்கள் தனித்தனியாகச் சரிபார்ப்பது வழக்கம். ஒரு குப்பியில் 5 மி.லி.யில் 250 மி.கி. மருந்து இருக்கிறது, நோயாளிக்கு 75 மி.கி. வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மி.லி.யில் 50 மி.கி., ஆக 1.5 மி.லி. எடுக்கவேண்டும். முதல் செவிலியர் சிரிஞ்சில் எடுத்து, "ஒண்ணரை, பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க சிஸ்டர்" என்று நீட்டினால், இரண்டாமவருக்குத் தனியாகக் கணக்குப் போடவேண்டும் என்பது நன்றாகவே தெரியும். போடமாட்டார். எண் காதில் விழுந்துவிட்டது, எதிரே நிற்பவர் மூத்தவர், திரும்பக் கணக்குப் போட்டால் அவரைச் சந்தேகப்படுவதாகிவிடும். ஒருவேளை சிரிஞ்சில் 2.5 இருந்தாலும் கண்ணுக்கு ஒண்ணரையாகவே தெரிய வாய்ப்பு உண்டு.

வரிசையை மாற்றிப் பாருங்கள். முதல் செவிலியர் எண்ணைச் சொல்லவே கூடாது. மருத்துவர் எழுதிய அளவையும் குப்பியையும் மட்டும் கொடுக்கிறார். இரண்டாமவர் கணக்குப் போட்டுத் தன் விடையை எழுதிய பிறகுதான் சிரிஞ்சைப் பார்க்கிறார். இப்போது வித்தியாசம் இருந்தால் தாளில் இரண்டு எண்கள் இருக்கும். யாரும் யாரையும் எதிர்க்கவேண்டியதில்லை. இரண்டு எண்களில் எது சரி என்று பார்த்தால் போதும்.

இன்னொன்று முழுக்க முழுக்க மேலே இருப்பவர் கையில் இருக்கிறது. யாராவது நிறுத்தச் சொல்லி, பார்த்தால் பிரச்சினை ஒன்றும் இல்லை என்று ஆகும்போது மேலாளர் முகத்தில் என்ன தெரிகிறது என்பதைத்தான் குழு கவனிக்கும். சரியாகச் சொன்னவரைப் பாராட்டுவது எல்லோருக்கும் எளிது. தவறாக நிறுத்தியவரிடம், "நிறுத்தினது நல்லது, பாத்துட்டோம், இப்போ போகலாம்" என்று அதே குரலில் சொல்ல முடிந்தால்தான் அடுத்தவர் வாய் திறப்பார். ஒரே ஒரு எரிச்சல் பெருமூச்சு போதும், அதைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் பேசுவதன் விலை கூடிவிடும். பேசியவரைத் தண்டிக்கும் இடத்தில் மேலே சொன்ன வாக்கியப் பயிற்சி எதுவும் நிலைக்காது. அங்கே முதலில் திருத்தவேண்டியது மேலாளரை.

ஓர் இடத்தில் இந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்று கணிக்க, கருத்துக்கணிப்புப் படிவம் கொடுத்துப் பயனில்லை. அதிலும் எல்லோரும் சரியான விடைதான் எழுதுவார்கள். சரிபார்ப்புப் பதிவேட்டை எடுத்து, இரண்டாவது கையெழுத்துப் போட்டவர் எத்தனை முறை வேறு விடை எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். மாதக்கணக்கில் ஒரு வித்தியாசம்கூட இல்லாவிட்டால், இரண்டு கையெழுத்துகளின் நேரத்தையும் பாருங்கள். கணக்குப் போடவே ஒரு நிமிடம் ஆகும் வேலையில் இரண்டும் ஒரே நிமிடத்தில் விழுந்துகொண்டே இருந்தால், அங்கே இரண்டாவது ஆள் சரிபார்க்கவில்லை.