நாலு பேர் இருந்த நேர்முகத்தேர்வு: யாருக்கு என்ன எழுதி அனுப்புவது?

வன்னியில் தொண்டு நிறுவன வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். நேர்முகத்தேர்வு அறைக்குள் போனால் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று நாலு பேர் இருப்பார்கள். திட்ட முகாமையாளர் ஒருவர், துறை தெரிந்த ஒருவர், நிதிப் பிரிவிலிருந்து ஒருவர். மனிதவள உத்தியோகத்தர் பெரும்பாலும் கொழும்பிலிருந்து மடிகணினித் திரையில் இருப்பார். முடிந்து வெளியில் வந்ததும் நன்றி சொல்லி ஒரு மெயில் போடவேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றும். ஒன்றை எழுதி, பெயரை மட்டும் மாற்றி நாலு பேருக்கும் அனுப்பிவிடுவார்கள்.

அந்த நாலு மெயிலும் பிறகு எங்கே போகின்றன என்று கொஞ்சம் யோசியுங்கள். குழுவில் இருப்பவர்கள் தங்களுக்கு வருவதை மனிதவள உத்தியோகத்தருக்கு முன்னனுப்புவது வழக்கம். அவர் அதை விண்ணப்பதாரரின் கோப்பில் சேர்ப்பார். வேலைக்குச் சேர்ந்து சில வருடம் கழித்து நானும் இப்படியான குழுக்களில் இருந்தேன். ஒரே கோப்பில் ஒரே பந்தி மூன்று தரம் வருவதைப் பார்த்தால் யாரும் கோபப்படுவதில்லை. "சரி, இவருக்கும் ஒரு மாதிரிக் கடிதம் கிடைத்திருக்கிறது" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஒன்றில் மட்டும் மற்றவரின் பெயர் மாறாமல் கிடந்தால் அதைப் பற்றிப் பேசுவார்கள், அதுவும் நல்லதற்கல்ல.

என் நேர்முகத்தேர்வையே எடுத்துச் சொல்கிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் சிறு விவசாயிகளுக்கான வாழ்வாதாரத் திட்டம் ஒன்றில் கள உத்தியோகத்தர் வேலை. அறையில் மூன்று பேர், திரையில் ஒருவர். முடிந்ததும் பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நின்றபோதே கொப்பியில் நாலு பெயரையும் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் கீழே அவர் கேட்டது என்ன, நான் சொன்னது என்ன, அவர் அதற்கு என்ன முகம் காட்டினார் என்று குறித்தேன். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் யார் எதைக் கேட்டது என்பது குழம்பிவிடும். நாலு கடிதம் நாலு விதமாக வருவது மொழி நடையால் அல்ல. ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி வேறு, பதிலும் அதைப் பிடித்துப் போகவேண்டும்.

முகாமையாளர் கேட்டது தண்ணீர்ப் பிரச்சினை. சிறுபோகத்தில் குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். அதற்கு மேல் சிலர் விதைத்துவிட்டு, வாய்க்கால் கடைக்கோடியில் வயல் வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் போகாவிட்டால் நீர் என்ன செய்வீர் என்று கேட்டார். கமக்காரர் அமைப்போடு பேசுவேன் என்று பொதுவாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் எதையும் எழுதவில்லை. எனவே அவருக்கான மெயிலின் நடுப்பகுதியை இப்படி அமைத்தேன்:

"வாய்க்கால் கடைக்கோடி விவசாயிகள் பற்றி நீங்கள் கேட்டதை யோசித்துக்கொண்டே வந்தேன். பிணக்கு வந்த பிறகு பேசுவதைவிட, பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு முன்பே கமக்காரர் அமைப்பின் செயலாளரோடு கடைக்கோடி வயல்காரர்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்வேன். அந்தப் பட்டியல் கூட்டத்தில் வாசிக்கப்பட்டால் தண்ணீர் முறை வைக்கும்போது அவர்கள் விடுபடமாட்டார்கள்."

இவ்வளவுதான். மேலே நன்றி ஒரு வரி, கீழே பெயர், தொலைபேசி எண்.

விவசாய ஆலோசகர் ஓய்வுபெற்ற மனிதர், குறைவாகத்தான் பேசினார். முல்லைத்தீவுப் பக்கம் கச்சான் செய்கிறவர்களுக்குக் கோது இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது, ஏன் என்று கேட்டார். தண்ணீர் போதாமல் என்றேன். அது பிழையான பதிலல்ல, பாதிப் பதில். கச்சான் காய் தனக்கு வேண்டிய கல்சியத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக எடுக்கிறது. மண்ணில் அது குறைந்தாலும், மண் காய்ந்து அது காய்க்குப் போய்ச் சேராவிட்டாலும் பருப்பு நிரம்பாது. அதற்குத்தான் பூக்கும் பருவத்தில் ஜிப்சம் போடுகிறார்கள். அவருக்கு எழுதினேன்: "கச்சான் பற்றிய கேள்விக்கு வறட்சியை மட்டும் சொன்னேன். கல்சியம் குறைவதையும், பூக்கும் நேரத்தில் ஜிப்சம் போடுவதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கேள்வி அதை நினைவுபடுத்தியது." அவருக்குத் தெரிந்ததை அவருக்கே விளக்கிப் பாடம் எடுக்கக்கூடாது. இரண்டு மூன்று வசனத்தோடு நிறுத்தவேண்டும். பாதியில் விட்ட பதிலை முடித்துவைப்பதுதான் இப்படி எழுதுவதில் கிடைக்கும் உண்மையான பலன், என்னைக் கேட்டால்.

நிதி அலுவலர் கேட்டது ஒரே கேள்வி. ஊர்க் கடையில் பில் தராவிட்டால் செலவை எப்படிக் காட்டுவீர்? பெற்றவரின் கையொப்பம், அடையாள அட்டை எண், திகதி, பொருளின் விபரம் எழுதிய வவுச்சர் என்று சொன்னேன், அவரும் சரி என்றார். நல்லாகப் போன கேள்வியைத் திரும்பக் கிளறத் தேவையில்லை. அவருக்கு மூன்று வரி போதும். கேள்வி களவேலையை நேரில் பார்த்தவர் கேட்பதுபோல் இருந்தது என்றும், முற்பணக் கணக்கை எத்தனை நாளுக்குள் ஒப்படைப்பது என்ற உங்கள் நடைமுறையைச் சேர்ந்த உடனே கற்றுக்கொள்ள விரும்புகிறேன் என்றும் எழுதினேன். மற்ற இருவருக்கும் போனதைவிட இது சின்னது. அதில் குற்றமில்லை. எல்லாருக்கும் ஒரே நீளத்தில் எழுதவேண்டும் என்று இழுத்தால்தான் வெறும் சொல் வரும்.

திரையில் இருந்த மனிதவள உத்தியோகத்தருக்கு வேறு வகை. அவர் துறைக் கேள்வி கேட்கவில்லை. எப்போது சேரலாம், மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, நற்சான்று தருபவர்கள் யார், இவைதான். அவருக்கு ஆங்கிலத்தில் எழுதி, கேட்ட அனுமதிப்பத்திரப் பிரதியை இணைத்து, சேரக்கூடிய திகதியைத் திரும்பச் சொல்லி, நன்றி சொல்லி முடித்தேன். தமிழில் பேசிய மூவருக்கும் தமிழிலேயே எழுதினேன். ஆனால் அலுவலகக் கடிதமெல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும் இடம் என்றால் எல்லாருக்கும் ஆங்கிலமே நல்லது.

அனுப்புமுன் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு விடயம் பார்த்தேன். முதலாவது, பெயரை மறைத்துவிட்டு வாசித்தால் இது யாருக்குப் போவது என்று தெரிகிறதா? தெரியாவிட்டால் அந்தக் கடிதம் இன்னும் எழுதப்படவில்லை. இரண்டாவது, விபரங்கள் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா? பதவியின் பெயர், சேரும் திகதி, வேலை செய்ய விரும்பும் மாவட்டம் ஆகியவை மாறக்கூடாது. ஒருவருக்கு "உடனே சேரலாம்", இன்னொருவருக்கு "ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும்" என்று போனால் கோப்பில் இரண்டும் ஒன்றாகக் கிடக்கும். அதேபோல ஒருவர் கேட்டதை மற்றவருக்குக் குறையாகச் சொல்லவும் வேண்டாம். "நிதி அலுவலரின் கேள்வி கொஞ்சம் கடினம்" என்று முகாமையாளருக்கு எழுதினால் அது அவரிடமே போய்ச் சேரும்.

எல்லாம் மறுநாள் காலையிலேயே போகவேண்டும். மறுநாள் போயா என்றால் அதற்கடுத்த வேலைநாள் காலை. ஒருவருக்கு இன்று, இன்னொருவருக்கு மூன்று நாள் கழித்து என்று இழுக்காதீர்கள். பிந்திக் கிடைத்தவர் தான் கடைசி ஆள் என்று நினைப்பார்.

எல்லாருடைய மின்னஞ்சல் முகவரியும் கிடைக்காது, அதுதான் வழமை. அழைப்புக் கடிதம் அனுப்பியவரின் முகவரி மட்டும் இருந்தால் அவருக்கு ஒரே மெயில் அனுப்பி, மற்றவர்களுக்குச் சொல்லவேண்டியதைத் தனித்தனிப் பந்தியாக அதற்குள் எழுதி, "இதை அவர்களுக்கும் தெரிவித்தால் நன்றி" என்று கேட்கலாம். முகவரியை ஊகித்து எழுதுவதும், முகநூலில் தேடிப் பிடித்து நட்பு அழைப்பு விடுவதும் வேண்டாம். வட்ஸ்அப் இன்னும் மோசம். கிளிநொச்சியில் யாரிடம் யாருடைய நம்பர் இல்லை! மாமாவுக்குத் தெரிந்தவர், அண்ணனோடு படித்தவர் என்று ஒரு வழி இருக்கத்தான் செய்யும். அந்த வழியில் போகும் "ஒரு சொல்" நன்றிக் கடிதம் ஆகாது, அது சிபாரிசு. பல வேலை விளம்பரங்களில் நேரடியாகவோ மறைமுகமாகவோ செல்வாக்குச் செலுத்த முயன்றால் தகுதியிழப்பு என்றே போட்டிருப்பார்கள். இதனால்தான் அரச, மாகாண சபைப் பதவிகளுக்கான நேர்முகத்தேர்வில் குழுவுக்குத் தனித்தனியாக எழுதுவதையே விட்டுவிடுங்கள் என்பேன். அங்கே மதிப்பெண் திட்டம் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும், கடிதத்துக்கு அதில் இடமில்லை. சந்தையில் குழுவில் இருந்த ஒருவரைக் கண்டால் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

தொண்டு நிறுவனத்திலும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மதிப்பெண் தாளை அநேகமாக அன்றைக்கே, அடுத்த ஆள் உள்ளே வரமுன் நிரப்பிவிடுவார்கள். எனக்கு அந்த வேலை கிடைத்தது, ஆனால் நாலு மெயிலால் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். இரண்டு பேர் கிட்டத்தட்டச் சமமாக நின்று, குழு திரும்பக் கூடிப் பேசும்போதுதான் கச்சான் போன்ற ஒரு திருத்தம் யாராவது ஒருவரின் வாயில் வரும்.

முடிவு சொல்வதாகச் சொன்ன திகதி தாண்டிவிட்டால் அப்புறம் நாலு பேருக்கும் எழுதத் தேவையில்லை. மூன்று நாலு வேலைநாள் விட்டு, மனிதவள உத்தியோகத்தருக்கு மட்டும் இரண்டு வரி: பதவியின் பெயர், நேர்முகத்தேர்வு நடந்த திகதி, முடிவு எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்வி. முதல் அனுப்பிய அதே மெயிலுக்குப் பதிலாகவே எழுதினால் அவர் தேடவேண்டியிருக்காது. முகாமையாளரை Cc-இல் போடவேண்டாம், அது முறைப்பாடு மாதிரித் தெரியும். இல்லை என்று பதில் வந்தால், உங்களுடைய பதிலுக்கு நன்றாகக் காது கொடுத்த ஒருவருக்கு மட்டும், எந்தப் பகுதியில் குறைந்தது என்று கேட்டு எழுதலாம். பலர் பதில் போடமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்கு ஒருவர் போட்டார். களஅறிக்கை எழுதிப் பழகவில்லை என்பதுதான் காரணம் என்று அதில் இருந்தது. அடுத்த முறை அவன் போகும்போது மாதிரி அறிக்கை ஒன்றைக் கையில் கொண்டுபோனான்.