தீபாவளிக்கு இரட்டைச் சம்பளம் உண்டா?

கிளிநொச்சியில் ஒரு கடையில் சம்பளக் கணக்கு எழுதிய காலத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். "அண்ணை, தீபாவளிக்கும் வேலைக்கு வந்தனான், இரட்டைச் சம்பளம் தருவினம்தானே?" இல்லை என்று சொல்ல ஒவ்வொரு முறையும் மனம் சங்கடப்படும்.

தீபாவளி அரசாங்கத்துக்கும் வங்கிக்கும் விடுமுறை. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வரும் வர்த்தக விடுமுறைகளில் அது இல்லை, சிவராத்திரியும் இல்லை. தைப்பொங்கல், சித்திரை வருடப் பிறப்பு, மே தினம், நத்தார் போன்றவை இருக்கின்றன. வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஊரே திரண்டாலும் சட்டத்தில் அது வேலை நாள்தான்.

போயா நாளுக்குக் கணக்கு வேறு. 1971இன் விடுமுறைச் சட்டப்படி அன்று வேலை வாங்கினால் வழமையான நாட்சம்பளத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும்.

வர்த்தக விடுமுறையில் வேலை செய்தவருக்கு இரண்டில் ஒன்று கிடைக்க வேண்டும்: அதே ஆண்டு டிசம்பர் 31க்குள் சம்பளத்துடன் ஒரு பதில் லீவு, அல்லது அந்த நாளுக்கு இரட்டைச் சம்பளம். மாதச் சம்பளம் 45,000 ரூபா என்றால் முப்பதால் வகுக்க ஒரு நாளுக்கு 1,500. மாதச் சம்பளத்துக்குள் அந்த நாளின் 1,500 ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே பதில் லீவு கொடுக்காவிட்டால் மேலதிகமாக இன்னொரு 1,500 வரவேண்டும்.

பிழை நடப்பது பெரும்பாலும் பதில் லீவில்தான். விற்பனைப் பகுதியில் இருந்த பிள்ளை ஒருத்தி பொங்கலன்று வேலைக்கு வந்தாள். "பிறகு ஒரு நாள் எடுங்கோ" என்றார் முதலாளி. அவள் ஆவணியில் ஒரு நாள் நின்றாள். வரவுப் பதிவில் அது வெறும் லீவு என்று எழுதப்பட்டு, அவளுடைய வருட லீவு பதினான்கில் ஒன்று கழிந்துபோனது. பொங்கல் நாளுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. வருட முடிவில் மிச்ச லீவைக் கூட்டிப் பார்த்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. நல்ல காலம், பொங்கலன்று அவள் வந்ததற்குப் பதிவில் கையெழுத்து இருந்தது. அதைக் காட்டி, கழித்த நாளை வருட லீவில் திருப்பிச் சேர்த்தோம்.

அதன் பிறகு லீவு விண்ணப்பத்திலேயே "தைப்பொங்கலுக்கான பதில் லீவு" என்று திகதியோடு எழுதும்படி எல்லோருக்கும் சொன்னேன். நத்தாருக்கு வருபவர்களுக்குப் பதில் லீவு எடுக்க ஆறு நாள்தான் மிஞ்சும், கடையில் சனம் நெரியும் நாட்களும் அவைதான். அவர்களுக்குக் காசாகவே கொடுத்துவிடுவது நேர்மை.

சரி, தீபாவளிக்கு என்ன வழி? சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான், அதற்கு மேல் கொடுக்க முதலாளிக்குத் தடை இல்லை. வேலைக்குச் சேரும்போதே கேட்டு, சம்மதித்தால் நியமனக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். எழுத்தில் வந்துவிட்டால் பிறகு அதை உரிமையோடு கேட்கலாம்.