துறைப் பெயரில் இருந்த விக்கிப்பீடியா கணக்கை என் பெயருக்கு மாற்றிய கதை

எங்கள் கல்லூரியில் நடந்த விக்கிப்பீடியா பயிலரங்கில் வகுப்பெடுத்தவர், "துறைக்கு ஒரே கணக்கு போதும், கல்லூரிப் பெயரும் துறைப் பெயரும் வருகிற மாதிரி வையுங்கள்" என்றார். வைத்தோம். கடவுச்சொல்லைத் துறை அலுவலகப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைத்தார்கள். பயிலரங்கு முடிந்ததும் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். நான் மட்டும் அந்தக் கணக்கிலேயே தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். கட்டுரை, துப்புரவு, படம் ஏற்றுவது என்று அதில் இருக்கிற தொகுப்புகள் அனேகமாக எல்லாமே நான் செய்தவை.

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையில் சின்னத் திருத்தம் செய்தபோதுதான் வினை வந்தது. பேச்சுப் பக்கத்தில் ஒருவர் uw-username வார்ப்புருவை இட்டுவிட்டுப் போயிருந்தார். நிறுவனத்தைக் குறிக்கும் பெயர் கூடாது, ஒரு கணக்கை ஒரு மனிதர்தான் பயன்படுத்த வேண்டும், பெயரை மாற்றுங்கள் அல்லது விளக்கம் சொல்லுங்கள் என்று மரியாதையாகத்தான் இருந்தது. அவர் சொன்னதில் தப்பே இல்லை. பயிலரங்கில் அந்த யோசனை சொன்னவர் மேல்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

பத்து இருபது தொகுப்புதான் இருக்கிறது என்றால் பெயர் மாற்றமே கேட்காதீர்கள், புதுக் கணக்கு தொடங்கிவிடுங்கள். எனக்கு அது முடியாது. என் கட்டுரைகளின் வரலாற்றில் வேறு பெயர் நிற்பதில் விருப்பமில்லை.

விண்ணப்பம் போடுவதற்கு முன்பே முட்டுக்கட்டை. பெயர் மாற்றம் ஏற்கப்பட்டதா மறுக்கப்பட்டதா என்ற பதில் கணக்கில் பதிவான மின்னஞ்சலுக்குத்தான் வரும். அது துறை அலுவலக முகவரி. என் கைப்பேசியில் புதிதாகப் புகுபதிகை செய்யப் பார்த்தால், சரிபார்ப்புக் குறியெண்ணும் அங்கேதான் போனது. துறைக்குப் போய் அலுவலக உதவியாளரிடம் கேட்டேன். "அந்த மெயில் பாஸ்வேர்டு பழைய ஹெச்.ஓ.டி. மேடத்துக்குத்தான் தெரியும் சார். அவங்க ரிடையர் ஆயிட்டாங்க. லெட்டர் எழுதிக் குடுங்க, பிரின்சிபால் கையெழுத்து வாங்கித் தர்றேன்" என்றார். ஒரு விக்கிப்பீடியா கணக்குக்கு முதல்வர் கையெழுத்து! வேகாத வெயிலில் பேருந்து பிடித்துப் போனது வீண்.

திரும்பி வரும்போதுதான் உறைத்தது: வீட்டு மடிக்கணினியில் நான் விடுபதிகையே செய்யவில்லை. 'ஓராண்டு வரை என்னை நினைவில் வைத்துக்கொள்' என்ற கட்டத்தில் டிக் செய்து வைத்த புண்ணியம். விருப்பத்தேர்வுகளுக்குப் போய், கடவுச்சொல்லை மறுபடி கொடுத்து, மின்னஞ்சலை என் முகவரிக்கு மாற்றினேன். உறுதிசெய்யும் இணைப்பு புது முகவரிக்குத்தான் வருகிறது. அடுத்த நிமிடமே கடவுச்சொல்லையும் மாற்றினேன். பதிவேட்டில் இருப்பது இனி வெற்று எழுத்து. பொதுக் கணக்கு எதையாவது மீட்கப் போகிறவர்கள் இதை முதலில் செய்யுங்கள். கணக்கு திறந்திருக்கும் உலாவியில் எந்தக் காரணத்துக்காகவும் விடுபதிகை செய்துவிடாதீர்கள்.

அடுத்து, பெயர். நான் ஆசைப்பட்டது ஒரு பறவையின் தமிழ்ப் பெயர், ஒற்றைச் சொல். (எதுவென்று எழுதப் போவதில்லை. அதை வைத்திருப்பவரை யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம்.) தமிழ் விக்கிப்பீடியாவில் தேடினேன், அப்படி ஒரு பயனர் பக்கமே இல்லை. சிவப்பு இணைப்பைப் பார்த்துவிட்டுப் பெயர் காலியாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. 2015 ஏப்ரலில் எல்லா விக்கித் திட்டங்களின் கணக்குகளையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அதற்கு முன் ஒவ்வொரு விக்கியிலும் ஒரே பெயரில் வெவ்வேறு ஆட்கள் இருக்கலாம். மோதிய கணக்குகளுக்கு அப்போது வாலில் ~tawiki, ~enwiki என்று ஒட்டுப் போட்டார்கள். இப்போது விக்சனரியிலோ, படங்களைச் சேமிக்கும் பொதுவகத்திலோ யாரோ ஒருவர் எடுத்திருந்தாலும், அந்தப் பெயர் எங்கும் கிடைக்காது. பார்க்க வேண்டிய இடம் இது:

```
Special:CentralAuth
```

பெயரைக் கொடுத்தால் கணக்கு எப்போது தொடங்கியது, எந்த விக்கியில் எத்தனை தொகுப்பு என்று மொத்த ஜாதகமும் வந்துவிடும். என் பறவை பல வருடங்களுக்கு முன்பே போய்விட்டிருந்தது. அவர் ஒரு கட்டுரையில் இரண்டு மூன்று பத்தி எழுதிவிட்டுக் காணாமல் போயிருக்கிறார்.

ஆளே இல்லாத பெயரைக் கேட்டு வாங்க வழி உண்டு. எல்லா விக்கித் திட்டங்களுக்கும் பொதுவான மேல்விக்கியில் Steward requests/Username changes என்ற பக்கத்தில் கேட்க வேண்டும். அந்தப் பழைய கணக்குக்காரருக்கு அறிவிப்பு விடுவார்கள், சுமார் ஒரு மாதம் பொறுப்பார்கள், மறுப்பு வராவிட்டால் அவரை வேறு பெயருக்கு நகர்த்திவிட்டு உங்களுக்குத் தருவார்கள். ஆனால் இது தொகுப்பே இல்லாத, அல்லது பெயருக்கு ஏதோ கிறுக்கிப் பார்த்த கணக்குகளுக்கான வழி. உருப்படியாக நாலு வரி எழுதியிருந்தால் பெரும்பாலும் கிடைக்காது. விக்கிப்பீடியா உரை CC BY-SA உரிமத்தில் வருகிறது. எழுதியவருக்குப் பெயர் கொடுப்பது அதன் நிபந்தனை. எழுதியவர் என்று அறியப்பட்ட பெயரை உருவி எனக்கு மாட்டினால் அவர் எழுதியதை நான் எழுதியதாக யாராவது நினைத்துவிடலாம். நியாயம்தான், விட்டுவிட்டேன்.

விட மனமில்லாத நண்பன் ஒரு குறுக்கு வழி சொன்னான். சொல்லில் வருகிற துணைக்காலுக்குப் பதிலாக 'ர' போட்டுவிடு, யாருக்குத் தெரியும் என்றான். பழைய அச்சுப் புத்தகத்தில் 'ா'வையும் 'ர'வையும் பிரித்தறியத் திணறியவர்களுக்கு அந்த யோசனையின் விபரீதம் புரியும். அதைச் செய்யவில்லை. ஆனால் பறவையின் பெயரை ரோமன் எழுத்தில் எழுதிக் கேட்டுப் பார்த்தேன். அதுவும் எடுக்கப்பட்டிருந்ததால் நடுவில் இருந்த o எழுத்தை 0 ஆக்கினேன். பெயர் மாற்றம் கேட்கும் Special:GlobalRenameRequest படிவம் அதைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. சந்தோஷப்பட்டேன். சில நாளில் மறுப்பு வந்தது: ஏற்கெனவே உள்ள பயனர் பெயரை ஒத்திருக்கிறது.

இது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். புதுக் கணக்கு தொடங்கும்போது AntiSpoof என்ற நீட்சி இந்த மாதிரி வேலையை வாசலிலேயே தடுக்கும். o, 0 இரண்டையும், l, 1, I மூன்றையும் அது ஒன்றாகவே பார்க்கும். ஒரே பெயரில் இரண்டு மொழி எழுத்துகளைக் கலந்தாலும் நிறுத்தும். பெயர் மாற்றப் படிவத்தில் அது உங்களை நிறுத்துவதில்லை. ஒத்த பெயர்களின் பட்டியலை எடுத்து, விண்ணப்பத்தைப் பார்க்கும் பெயர்மாற்றுநரின் முன் வைக்கிறது. படிவம் ஏற்றதால் பெயர் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

இதற்கிடையில் துறையில் ஒரு யோசனை: "பேரோட காலேஜ் பேரையும் சேத்துக்கோங்களேன்." ஆங்கில விக்கி விதி இதற்கு இடம் தருகிறது. வெறும் நிறுவனப் பெயர் கூடாது, ஆனால் இன்ன நிறுவனத்தில் இருக்கும் இன்னார் என்று ஒரு தனி மனிதரைக் காட்டும் பெயர் வைக்கலாம். எனக்கு ஒப்பவில்லை. நாளைக்கு வேறு கல்லூரிக்குப் போனால் மறுபடி பெயர் மாற்றக் கேட்க வேண்டும். இத்தனை தடவைதான் மாற்றலாம் என்று இயந்திரம் போடுகிற வரம்பு இங்கே இல்லை. ஆனால் இதைச் செய்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். உங்கள் முந்தைய பெயர் மாற்றங்கள் எல்லாம் பதிவில் அவர்கள் கண்முன் நிற்கும், அடிக்கடி கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவார்கள். பேச்சுப் பக்கங்களில் வேறு மாதிரி தெரிந்தால் போதும் என்பவர்கள் பெயரைத் தொடவே வேண்டாம். விருப்பத்தேர்வுகளில் கையொப்பத்தை மாற்றினால் முடிந்தது.

கடைசியில் ஒரு மரத்தின் பெயரையும் என் பெயரின் முதல் பாதியையும் சேர்த்து, முழுக்கத் தமிழ் எழுத்தில் வைத்தேன். தமிழ் எழுத்துப் பெயருக்கு எங்கும் தடையில்லை. ஆங்கில விக்கியில் மட்டும் கையொப்பத்தில் ரோமன் எழுத்தும் இருந்தால் நல்லது என்கிறார்கள், சேர்த்துவிட்டேன். அனுப்பும் முன் CentralAuth பார்த்தேன், கூகுளில் தேடிக் கடை, நிறுவனம் எதுவும் அந்தப் பெயரில் இல்லையென்று உறுதி செய்தேன், 'நிர்வாகி' போன்ற பதவியோ தானியங்கி என்ற தோற்றமோ வரவில்லை என்று பார்த்துக்கொண்டேன். காரணம் கேட்கும் கட்டத்தில், இப்போதைய பெயர் நிறுவனத்தைக் குறிக்கிறது, பயன்படுத்துவது நான் ஒருவன்தான் என்று ஒரே வரி எழுதி, பேச்சுப் பக்க அறிவிப்பின் இணைப்பையும் கொடுத்தேன். இந்த முறை தட்டாமல் ஏற்றார்கள்.

மாற்றம் நடக்கும்போது கணக்கு தானாக வெளியேறிவிடும், பதற வேண்டாம். புதுப் பெயர், அதே கடவுச்சொல். கட்டுரை வரலாறுகளில் புதுப் பெயர் வந்துவிடும். ஆனால் பழைய பேச்சுப் பக்கங்களில் இட்ட கையொப்பம் வெறும் உரை, அது அப்படியே இருக்கும். இன்னொன்று: இந்தப் பெயரிலிருந்து அந்தப் பெயருக்கு என்று பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பழைய பெயரை மறைக்க நினைப்பவர்களுக்கு இந்த வழி உதவாது.

எல்லாம் முடிந்தது என்று இருந்தபோது, என் பேச்சுப் பக்கத்தில் எனக்குச் சம்பந்தமில்லாத கட்டுரை பற்றி எச்சரிக்கைகள் வரத் தொடங்கின. அடுத்த பயிலரங்கில், நான் விட்டுவந்த அதே பெயரில் துறைக்கு மறுபடி கணக்கு தொடங்கியிருக்கிறார்கள்! பெயர் மாறியபோது பழைய பயனர் பக்கமும் பேச்சுப் பக்கமும் என் புதுப் பக்கங்களுக்கு வழிமாற்றாக நின்றுவிட்டன. அவர்களுக்குப் போக வேண்டிய திட்டெல்லாம் எனக்கு வந்தது. இரண்டு வழிமாற்றையும் எடுத்துவிட்டு, uw-username வார்ப்புருவை இந்த முறை நானே அங்கே இட்டேன்.