வாடி வந்த மல்லிகையும் கடைக்காரத் தம்பியும்

"அக்கா, தண்ணி ஊத்தி நிழல்ல வைங்க, நாலு நாள்ல எழும்பிடும்."

பார்சலில் வந்த குண்டு மல்லி தலை தொங்கிக் கிடப்பதைப் படம் பிடித்து அனுப்பியதும் கடைக்காரத் தம்பி சொன்ன பதில் இது. அக்கறையாகத்தான் தெரியும். ஆனால் செடி வாங்கிய செயலியில் பணம் திரும்பக் கேட்க ஒரு கெடு இருக்கிறது. செடி எழும்புமா என்று காத்திருந்தால் கெடு தாண்டி, செயலி பிடித்து வைத்திருக்கும் பணம் அவர் கணக்குக்குப் போய்விடும். 'பொருள் கிடைத்தது' பொத்தானை அமுக்கிவிடுங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அமுக்கவே அமுக்காதீர்கள்.

ஆர்டர், கட்டணம் எல்லாம் சுலபமாக முடிந்தது. செடி 38 வெள்ளி, தபால் 9 வெள்ளி. பார்சல் பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. அதன் பிறகுதான் தலைவலி.

தண்ணீர் ஊற்றும் முன் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். சொதசொதவென்று ஈரம். தாகத்தில் வாடிய செடியென்றால் மண் காய்ந்து, தொட்டி கனமில்லாமல் இருக்கும்; தண்ணீர் காட்டினால் பெரும்பாலும் அன்று மாலைக்குள்ளேயே நிமிரும். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால், வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியவில்லை என்று அர்த்தம். அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது.

தொட்டியிலிருந்து மெதுவாக உருவிப் பார்த்தேன். புளித்த வாடை. வேர்கள் வெள்ளையாக இல்லாமல் பழுப்பாக இருந்தன. ஒன்றை விரலால் இழுத்தபோது மேல்தோல் கழன்று, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சியது.

உருவும் முன்பே வரிசையாகப் படம் எடுத்து வைத்திருந்தேன்: கூரியர் ஒட்டுத்தாள் தெரியும்படி மூடிய பெட்டி, திறந்த பெட்டி, முழுச் செடி, ஈர மண். கடைசியில்தான் வேர். இந்த வரிசை இல்லாவிட்டால், "நீங்கதான் பிடுங்கிக் கெடுத்துட்டீங்க" என்று திருப்பிவிடுவார்கள்.

அடுத்து அவர் கூரியரைக் கைகாட்டினார். பிறகு அடுத்த ஆர்டருக்கு 10 வெள்ளி வவுச்சர் தருகிறேன் என்றார். அரட்டையில் பேசிப் பயனில்லை என்று, செயலியில் பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, ஒரு கடிதமும் எழுதி அதோடு இணைத்தேன். ஆர்டர் எண், தேதி போக, முக்கியப் பகுதி இதுதான்:

"செடி வந்த அன்றே படத்துடன் தெரிவித்துள்ளேன். மண் ஈரமாக இருந்தும் செடி வாடியுள்ளது. வேர்களில் பெரும்பகுதி அழுகித் தோல் கழல்கிறது. கூரியரில் மூன்று நாள் இருந்தால் இலை மஞ்சளாகி உதிரலாம். வேர் இந்த அளவுக்கு அழுகியிருப்பதால், அனுப்பும் முன்பே கோளாறு இருந்தது என்றே கருதுகிறேன். கூரியரை அமர்த்தியவர் நீங்கள். அவர்களிடம் இழப்பீடு கேட்பதும் உங்கள் பொறுப்பு. முழுத் தொகை 47 வெள்ளியைத் திருப்பித் தரவும். அழுகிய செடியை மறுபடி தபாலில் அனுப்புவதில் பொருளில்லை என்பதால், திருப்பி அனுப்பாமலே தீர்வு கோருகிறேன். ஏழு நாளில் பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு செய்வேன்."

திருப்பி அனுப்பும் விஷயத்தைக் கடிதத்திலேயே எழுதிவிடுவது நல்லது. எழுதாவிட்டால், 'பொருளைத் திருப்பி அனுப்பினால்தான் பணம்' என்று செயலி இழுத்தடிக்கும்.

"உயிருள்ள பொருளுக்குப் பணம் திரும்பக் கிடையாதுன்னு கடையில போட்டிருக்கோமே அக்கா" என்றார். போட்டுக்கொள்ளட்டும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். கடைக்காரர் சொந்தமாக ஓர் அறிவிப்பு எழுதி அந்தப் பொறுப்பைக் கழற்றிவிட முடியாது. தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் வெறும் 5 வெள்ளி, வக்கீலும் தேவையில்லை. இந்த 5 வெள்ளிக் கணக்கைச் சொன்னதும் தம்பியின் குரலே மாறிவிட்டது.

செடியின் 38 வெள்ளி வந்து சேர்ந்தது. இதற்கிடையில் தண்டை நகத்தால் லேசாகக் கீறி, உள்ளே பச்சை தெரிந்த இரண்டு நுனிக் கிளைகளை வெட்டி ஈர மணலில் ஊன்றியிருக்கிறேன். கீழ்த்தண்டு பழுப்பாகிவிட்டது, அதை நம்பிப் பயனில்லை.

தபால் காசு 9 வெள்ளிதான் பாக்கி. "அது கூரியருக்குப் போன காசு அக்கா" என்கிறார். கடிதத்தில் நான் கேட்டது 47 என்று மறுபடி அனுப்பியிருக்கிறேன். ஏழு நாள் கெடு இன்னும் முடியவில்லை.